ஒரு வார்த்தை நான் திட்டல

கொஞ்சம் நகந்து உக்காருங்களேன். இந்த பெஞ்சு ஒரு பக்கமா ஆடுது. ஒரு கல்வி ஆபீசு, இதுக்கு ஒரு நல்ல பெஞ்சு போட வக்கில்ல பாருங்க. நீங்க எதுக்கு வந்திருக்கீங்க? பொண்ணோட சர்டிபிகேட்ல இனிஷியல் தப்பா? ஓ, அது ரெண்டு நிமிஷ வேலைங்க. ஆனா ரெண்டு நாள் ஆக்குவாங்க. அய்யோ, பயந்துக்காதீங்க, சும்மா சொன்னேன்.

நான் டீச்சர். மங்கையர்க்கரசின்னு பேரு. கணக்கு. முப்பது வருஷம் ஆகப்போகுது. விசாரணைக்கு வந்திருக்கேன். ஆமா, என்னையத்தான் விசாரிக்கிறாங்க. காலையில உள்ள போயி பேசிட்டு வந்தாச்சு. நான் சொன்னத டைப் அடிச்சுக்கிட்டு இருக்காங்க, வந்ததும் கையெழுத்துப் போடணும். அதுக்குத்தான் இந்த உக்காந்திருக்கிறது.

அங்க மாடிப்படி பக்கத்துல, தூணுல சாஞ்சுக்கிட்டு ஒரு பொண்ணு நிக்குதுல்ல, நீலச் சேலை. ரொம்பத் திரும்பிப் பாக்காதீங்க. அது அமலோற்பவம். அமலான்னு கூப்பிடுவோம். நான் போடப்போற கையெழுத்து அந்தப் பொண்ணு தலையிலதான் விழும். அதனாலதான் எனக்கு ஒரு இடத்துல உக்கார முடியல. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கு. உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?

பத்தாங் கிளாஸ் பேப்பர் திருத்துற முகாம் பத்தித் தெரியுமா? ஒரு பெரிய ஸ்கூல எடுத்துக்குவாங்க. ரூமுக்கு ஒரு குழு. திருத்துறவங்க ஆறு பேரு. அவங்க போட்ட மார்க்கக் கூட்டினது சரியா, எல்லாப் பக்கமும் திருத்தியிருக்கான்னு பாக்க ஒருத்தரு, எஸ்.ஓ.ம்போம். எல்லாத்துக்கும் மேல தலைமைத் தேர்வாளர். அது நான். காலையில ஆளுக்குப் பதினஞ்சு பேப்பர், மத்தியானம் பதினஞ்சு. பிள்ளைங்க பேரு இருக்காது, நம்பர் மட்டும்தான். யாரு தப்பு விட்டாலும் கடைசியில கையெழுத்து என்னோடது.

ரெண்டு வருஷம் முன்னாடி என் குழுவுல ஒரு கூட்டல் தப்பு. எனக்கு மெமோ வந்துச்சு. அந்த மெமோவ நான் மடிச்சு பீரோவுல வச்சேன், ஆனா அது என் நெஞ்சுக்குள்ளயே உக்காந்துக்கிச்சுங்க. மறுபடி இந்த வருஷம் ஆர்டர் வந்ததும் மொத ராத்திரியே தூக்கம் போச்சு. அத வெளிய காட்டிக்கல. அதுல நான் கெட்டிக்காரி. கேட்டுப் பாருங்க, முகாம்ல அத்தனை நாள்ல ஒரு வார்த்தை நான் யாரையும் திட்டல. பக்கத்து ரூம்ல ஒருத்தரு இருந்தாரு, வாயத் தொறந்தா நெருப்பு. நான் அப்படி இல்ல. ஒரு வார்த்தை திட்டல.

மொத நாள் காலையில கூட்டம் போட்டாங்க. முகாம் அலுவலர் மைக்க புடிச்சுக்கிட்டு போன தடவை நடந்த தப்பையெல்லாம் வாசிச்சாரு. இந்தத் தடவை ஒரு மார்க் மாறினாலும் பாத்துக்கங்கன்னாரு. வாசிச்ச தாளையே மறுபடி வாசிச்சாருங்க. அவருக்கு மேல யாரு என்ன சொன்னாங்களோ. நான் அந்தக் கூட்டத்துல இருந்து நேரா ரூமுக்கு வந்தேன். பேப்பர் கட்ட மேஜையில வச்சேன். டொப்புன்னு விழுந்துருச்சு. கனம், அதுக்கு என்ன பண்றது? அதுக்குள்ள பேசிக்கிட்டு இருந்த ஆறு பேரும் கப்சிப். நான் நெனச்சேன், பரவாயில்ல, பொறுப்பான குழுன்னு.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யோசிச்சா ‘ம்ச்’ன்னு ஒரு சத்தம் வரும் வாயில இருந்து. வீட்டுக்காரர் கூட சொல்லுவாரு, பல்லி மாதிரின்னு. அதுல கோவம் ஒண்ணும் இல்ல. அப்புறம், திருத்தும்போது நான் உக்காந்திருக்க மாட்டேன். நடப்பேன். ஒவ்வொருத்தர் பின்னாடியும் நின்னு பாப்பேன். அது என் வேலைதானே? அமலாவுக்கு இது மொத முகாம். புதுசுன்னு அவங்க பின்னாடி ரெண்டு தடவை கூடுதலா நின்னிருப்பேன். நின்னு பாத்தேன், ம்ச்சுன்னேன், நகந்துட்டேன். அவ்வளவுதான்.

பதினொரு மணி வாக்குல ஒரு வேடிக்கை. கதவோரத்துல இருந்த சார் ஒருத்தரு ம்ச்சுன்னாரு. கொஞ்ச நேரத்துல அவருக்கு அடுத்து இருந்த டீச்சர் ம்ச். அமலா ம்ச். மத்தியானத்துக்குள்ள ரூம் பூராவும் பல்லிக் கூட்டமாப் போச்சு. நான் சிரிச்சுக்கிட்டேன். இப்பத்தான் தோணுது, அது சிரிக்கிற விஷயமா? யாரும் யார்கிட்டயும் கத்துக்கிட்டு அதப் பண்ணல. தானா ஒட்டிக்கிச்சு. சத்தம் ஒட்டிக்கிச்சுன்னா சத்தத்துக்குப் பின்னாடி இருந்ததும் ஒட்டியிருக்கும்ல?

கேளுங்க, இன்னும் இருக்கு. மத்தியானம் ஃபேன ஒண்ணுல வைக்கவா மூணுல வைக்கவான்னு ரெண்டு பேருக்கு சண்டை. இருவது வருஷ சிநேகிதங்க அவங்க. அடுத்து பேப்பர்ல வந்து நின்னுச்சு. சூத்திரம் சரியா எழுதி, கடைசியில கூட்டல் தப்புப் பண்ணின பிள்ளைக்கு வழிமுறைக்கு மார்க் உண்டுங்க. அஞ்சுக்கு மூணு குடுக்கலாம். அன்னைக்கு ஒருத்தரு ஒண்ணு போட்டிருந்தாரு. ஏன் சார்னு கேட்டா, நாளைக்கு நீங்க கேப்பீங்களேங்கறாரு. நான் எங்கங்க கேட்டேன்? வாயத் தொறக்கலையே!

இந்தக் குழுவுல சிக்கந்தர்னு ஒரு சார். அவரு மேல எனக்கு அப்போ பயங்கர எரிச்சல். எல்லாருக்கும் முந்தி ஒன்பது மணிக்கே வந்து ஜன்னல் பக்கம் சேரத் திருப்பிப் போட்டுக்குவாரு. என் மேஜை அவரு கண்ணுலயே படாது. நான் பின்னாடி போயி நின்னா பேனாவ மூடி வச்சிருவாரு. ஒரு விரல் மட்டும் எந்த இடத்துல நிறுத்தினாரோ அந்த வரியில இருக்கும். நான் நகர்ற வரைக்கும் ஒரு எழுத்து திருத்த மாட்டாரு. நீளமா ஒரு மூச்சு விடுவாரு. அப்புறம் பேனாவத் திறப்பாரு. எப்படி இருக்கும் எனக்கு? திமிருன்னு நெனச்சேன்.

ரெண்டாவது நாள் நேராவே கேட்டாரு. நான் ம்ச்சுன்னதும் திரும்பி, “மேடம், இது என் பேப்பருக்கா, இல்ல வேற எதுக்காவதா?”ன்னாரு. கோவமா இல்ல, மணி என்னன்னு கேக்குற மாதிரி கேட்டாரு. நான், “உங்களுக்கு இல்ல சார்”னேன். “அப்ப சரிங்க மேடம்”னு குனிஞ்சுக்கிட்டாரு. ஆறு பேருக்கு முன்னாடி என்னைய இப்படிக் கேட்டுட்டாரேன்னு எனக்கு அன்னைக்கு சோறு இறங்கல.

டீ நேரத்துல மத்தவங்க எல்லாம் வராண்டாவுல நின்னு என்னையப் பத்திப் புலம்புவாங்க. தெரியும் எனக்கு. புலம்பிட்டு உள்ள வரும்போது போனத விட மோசமா வருவாங்க. இவரு மட்டும் அந்தக் கூட்டத்துல சேர மாட்டாரு. அமலாவக் கூட்டிக்கிட்டுப் போயி, அவங்க ஊர்ல மழை பெஞ்சுச்சா, பையன் பல்லு முளைச்சிருச்சான்னு பேசிக்கிட்டு இருப்பாரு. அமலாவ அவரு பக்கத்துல உக்காரச் சொன்னாரு. நான்தான் விடல. புதுசு, என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்னுட்டேன்.

ஏன் கையில இருக்கிற ஃபைல இப்படிச் சுருட்டுறீங்க? மடங்கிரும்ங்க, உள்ள சர்டிபிகேட் இருக்கும்ல.

மூணாவது நாள். இதத்தான் சொல்ல வந்தேன். கடைசிக் கேள்வி வரைபடம், எட்டு மார்க். அத விடைத்தாள்ல போட மாட்டாங்க, தனியா ஒரு கட்டம் போட்ட தாள், கடைசியில நூல்ல கட்டியிருக்கும். மடிச்சிருக்கும். திருத்துறவங்க அதத் திறந்து பாத்துத் திருத்தணும். அமலா ஒரு பேப்பர்ல எல்லாம் முடிச்சு அந்தத் தாளத் திறந்திருக்கு. அந்த நேரம் நான் போயி பின்னாடி நின்னேன். ம்ச்சுன்னேன். எதுக்குன்னு கூட ஞாபகம் இல்ல. வீட்டு நெனப்பா இருக்கும், வீட்டுக்காரருக்கு சுகர் கூடியிருந்துச்சு அந்த வாரம்.

அமலா டக்குன்னு தாள மூடிருச்சு. ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு முன்பக்கம் போயி மொதல்ல இருந்து கூட்டலச் சரிபாத்துச்சு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. நான் அங்கயே நின்னேன். கூட்டல் சரியா இருந்துச்சு. மொத்தத்த மேல எழுதிக் கட்டுல வச்சிருச்சு. வரைபடத்துக்கு மார்க் போடல. மூணு தடவை பாத்த பிள்ளை, பாக்க வேண்டியதப் பாக்கல.

எஸ்.ஓ. கருணாகரன் சார் பிடிச்சிருக்கணும்தானே? அவரு வேலையே அதுதான். அன்னைக்குக் காலையில நான் அவரு மேஜைக்குப் போயி வாச்சப் பாத்தேன். பேசல. வாச்சப் பாத்தேன், அவரு கட்டப் பாத்தேன், வந்துட்டேன். அதுக்கப்புறம் அவரு விறுவிறுன்னு தள்ளியிருக்காரு. அப்புறம் அந்தக் கட்டு எங்கிட்ட வந்துச்சு. நானும் கடைசித் தாளத் திறக்கல. கையெழுத்துப் போட்டேன்.

இருபத்தொம்பது மார்க். பாஸுக்கு முப்பத்தஞ்சு. அந்த வரைபடத்துக்கு ஏழு வந்திருக்கணும், அவ்வளவு சுத்தமாப் போட்டிருக்கு பிள்ளை. முப்பத்தாறு. பொன்மணின்னு பேரு. மறுகூட்டலுக்குப் போட்டப்புறம்தான் வெளிய வந்துச்சு. அதுக்குள்ள ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்த ஸ்கூல் எச்.எம். எங்கிட்ட போன்ல சொன்னாங்க: ரிசல்ட் வந்த நாள்ல இருந்து அந்தப் பிள்ளை வாசப்படி தாண்டலையாம். கூடப் படிச்சதுக எல்லாம் பதினொண்ணுல சேர்ந்திருச்சுக. இது வீட்டுக்குள்ளயே, சுவத்தப் பாத்துக்கிட்டு. வரைபடம் சரியாத்தான் போட்டேன்மா, சரியாத்தான் போட்டேன்மான்னு அவங்கம்மாகிட்ட சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. அவங்கம்மா நம்பல. பொய் சொல்றான்னு அடிச்சிருக்காங்க.

இருங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்.

மூணு பேருக்கும் மெமோ வந்துச்சு. பதில் எழுதணும். நான் பக்கம் பக்கமா எழுதினேன். உதவித் தேர்வாளரின் கவனக்குறைவு, முதல் நாளிலேயே அறிவுறுத்தினேன், அப்படி இப்படின்னு. கருணாகரன் சார் வந்து அமலா எழுதினதக் காட்டினாரு. ஒரே வரி. “வரைபடத் தாளை நான் திருத்தவில்லை, அது என் தவறு.” நான் பின்னாடி நின்னத எழுதல. ம்ச்ச எழுதல. ஒண்ணும் எழுதல.

அப்பவும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பாத்தீங்களா, அதுவே ஒத்துக்கிச்சுன்னு நெனச்சேன். வெக்கமா இருக்குங்க சொல்ல. ஆனா அதுதான் நெசம்.

கருணாகரன் சார் இன்னொரு தாளையும் வச்சாரு மேஜையில. தினமும் எத்தனை தப்புப் பிடிச்சாருன்னு அவரு குறிச்சு வைப்பாரு. மொத நாள் ஒன்பது. ரெண்டாம் நாள் பதினொண்ணு. நாலாம் நாள் காலையில நான் அரை நாள் லீவு, வீட்டுக்காரருக்கு ரத்தம் எடுக்கப் போயிருந்தேன். அன்னைக்குக் காலையில தப்பு ஒண்ணு. மத்தியானம் நான் வந்தேன், ஆறு. நான் சொன்னேன், “காலையில நீங்க சரியாப் பாக்கலபோல சார்”னு. அவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு பாருங்க. தாள மடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. ஜன்னல் பக்கத்துல சிக்கந்தர் சாரோட உக்காந்த ரெண்டு பேரு கணக்குல தப்பே குறைச்சல். என் மேஜைக்கு முன்னாடி இருந்த மூணு பேர்தான் அம்புட்டும்.

அந்தப் பார்வை என்னைய விடல. போன வாரம் சிக்கந்தர் சாருக்குப் போன் போட்டேன். ஏன் சார் என் முகத்தையே பாக்காம உக்காந்தீங்கன்னு கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்கன்னாரு. அப்புறம் சொன்னாரு: “மேடம், உங்க முகத்தப் பாத்தா என் தோள்பட்டை தானா மேல ஏறும். மூச்சு மேலோடு நின்னுரும். ஏறினது எனக்குத் தெரியும், அதனால இறக்கிக்குவேன். இது என்னோட பயமில்ல, மேடத்தோடதுன்னு மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிக்குவேன். சந்தேகமா இருந்தா உங்ககிட்டயே கேட்டுருவேன். அமலாவுக்கு ஏறினதே தெரியல. தெரியலைன்னா அது நம்ம சொந்த பயம் மாதிரியே ஆயிரும் மேடம்.”

நான் கேட்டேன், “நான் ஒரு வார்த்தை திட்டலையே சார்?”

“திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும் மேடம், எதுக்குன்னு தெரிஞ்சிருக்கும்”னாரு.

அன்னைக்கு முடிவு பண்ணினேன். இன்னைக்கு விசாரணையில உள்ளதச் சொல்லிரணும்னு. பின்னாடி நின்னேன், அதனாலதான் மூடுச்சு, கடைசியில நானும் திறக்கலன்னு. பஸ்ல வரும்போது சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்.

உள்ள போனேன். ஆபீசர் போன்ல இருந்தாரு. “ஆமாங்கய்யா, இன்னைக்கே முடிச்சிர்றேங்கய்யா, ஆமாங்கய்யா.” நெத்தியெல்லாம் வேர்வை. அந்தக் கையில போன், இந்தக் கையில கையெழுத்து. கிளார்க்கு ஒரு தாள மாத்தி வச்சதுக்கு வள்ளுன்னு விழுந்தாரு. போன வச்சிட்டு எம்பக்கம் நிமிந்தாரு. “சுருக்கமா சொல்லுங்கம்மா, கவனக்குறைவா, வேணும்னு செஞ்சதா?” அவ்வளவுதாங்க. என் தோள் காது வரைக்கும் ஏறிருச்சு. ஏறுறது தெரியுது எனக்கு, இறக்கணும்னும் தெரியுது. சிக்கந்தர் சார் சொன்னது அத்தனையும் ஞாபகம் இருக்கு. வாய் என்ன சொல்லுச்சு? “அவங்க கவனக்குறைவுதான் சார்.” பக்கத்துல அமலா நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஆமான்னு தலைய ஆட்டுச்சு.

தலைய ஆட்டுச்சுங்க. எனக்குத் துணையா ஆட்டுச்சு. அமலா மேல இந்த மெமோ நிலைச்சிருச்சுன்னா மொத முகாம்லயே கறை. எனக்கு இன்னும் நாலு வருஷத்துல ரிட்டயர்மென்ட். நான் இந்த பெஞ்சுல உக்காந்து உங்ககிட்ட...

உங்க போன் அடிக்குதுங்க. எடுங்க, எடுங்க, பொண்ணா இருக்கும்.

...

என்னங்க இப்படிக் கத்திட்டீங்க? சாப்பிட்டியாம்மான்னு தானே கேட்டுச்சு பிள்ளை? எனக்கே கேட்டுச்சு. அதுக்கு, “வந்த எடத்துலயும் நிம்மதியா விட மாட்டியா, உன்னாலதானடி இந்த அலைச்சல்”னு... அது பாவம், சட்டுன்னு வச்சிருச்சே.

இருங்க. நான் வரும்போது நீங்க எப்படி உக்காந்திருந்தீங்க? கால நீட்டிக்கிட்டு, அந்த ஜன்னல்ல அணில் ஓடுறதப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. இப்ப உங்க முழங்கால் ஆடுது. அந்த ஃபைலப் பாருங்க, கரும்பு மாதிரி முறுக்கி வச்சிருக்கீங்க. ஒரு மணி நேரமா நான் பேசுறேன். ரெண்டு நாள் ஆக்குவாங்கன்னு நான்தான் மொதல்ல சொன்னேன். உங்க இனிஷியலுக்கும் இந்தக் கோவத்துக்கும் என்ன சம்பந்தம்?

அது உங்களோடது இல்லங்க. என்னோடது. நான் எடுத்துட்டு வந்தது. உங்ககிட்ட இறக்கிட்டேன், நீங்க போன் வழியா பிள்ளைக்கு அனுப்பிட்டீங்க. அது அங்க யார்கிட்ட இறக்குதோ. கடவுளே, ஒரு மணி நேரம் போதுமா எனக்கு? முன்னப்பின்ன தெரியாத ஒருத்தங்கள!

அந்தா, கிளார்க்கு வர்றாரு. குடுங்க தம்பி. “உதவித் தேர்வாளரின் கவனக்குறைவே காரணம் என்று...” எவ்வளவு அழகா டைப் அடிச்சிருக்காங்க. இல்ல தம்பி, இதுல நான் போடல. எனக்கு ஒரு வெள்ளைத் தாள் வேணும். சாரு அவசரப்படுறாரா? தெரியுது தம்பி, உங்க மூஞ்சியிலயே தெரியுது. அவரு அவசரம் அவரோட இருக்கட்டும், நீங்களும் அத எங்கிட்ட குடுக்க வேணாம். நான் ஒண்ணும் கோவமா சொல்லல, பாருங்க, மெதுவாத்தான் சொல்றேன். ஒரு தாள் குடுங்க. பத்து நிமிஷம்.

போதும் தம்பி, இந்தத் தாள் போதும்.  பயமாத்தான் இருக்கு, ஆனா இது என் சொந்த பயம், இத வேற யார் தலையிலயும் கட்ட முடியாது.

“வரைபடத் தாளை அவர் திறந்தபோது பின்னால் நின்றது நான்.” சரியா இருக்குங்களா? மொத வரி அதுதான். அடுத்தது, நானும் திறந்து பாக்கல. அத எழுதறதுக்குத்தான் வெக்கம் பிச்சுத் திங்குது.

நீங்க ஏன் என்னையப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? அந்தப் பக்கம் ஜன்னலப் பாத்துத் திரும்பி உக்காருங்க. ஒரு மூச்சு விட்டுட்டு, பொண்ணுக்குப் போன் போடுங்க. இன்னும் சாப்பிடலன்னு சொல்லுங்க. பக்கத்துல ஒரு டீச்சர் உக்காந்திருந்தா, அவதான் காரணம்னு சொல்லுங்க.